ஸ்கூட்டர் முன்னால் நிற்கும் பையனும் தாத்தாவின் கிணறும்

*டாக்டர், எங்கள் மகனுக்கு நாலரை வயது. இந்தக் கோடையில் ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கிவிடுகிறேன் என்கிறார் என் மாமனார். எனக்கு நினைத்தாலே பயமாக இருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது. ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்குத் தனியாகச் சைக்கிளில் போவேன் என்று அடம் பிடிக்கிறாள். நடுவில் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். இப்போது என் கணவர்தான் இருவரையும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். மகன் முன்னால் நின்றுகொள்வான், மகள் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். எதை எந்த வயதில் அனுமதிக்கலாம்?*
*— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்*

அன்புள்ள சகோதரிக்கு,

கிணற்றுக்குப் பயப்படுகிறீர்கள், சைக்கிளுக்குத் தயங்குகிறீர்கள். ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். குழந்தை மருத்துவனான எனக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. மூன்றில் இன்றே நிறுத்த வேண்டியது உங்கள் மகன் ஸ்கூட்டரின் முன்னால் நிற்பதைத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாலரை வயதுப் பையன் சுமார் மூன்றரை அடி உயரம் இருப்பான். ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் நின்றால் ஹேண்டில்பார் அவன் நெஞ்சுக்கும் வாய்க்கும் நேராக வரும். நாய் குறுக்கே வந்து உங்கள் கணவர் சட்டென்று பிரேக் பிடித்தாலே போதும். வண்டி விழ வேண்டியதில்லை, யாரும் காயப்பட வேண்டியதில்லை, பையனின் முகம் மட்டும் ஸ்பீடோமீட்டரில் போய் இடிக்கும். முன்பல் உடைந்தும் மேலுதடு கிழிந்தும் என்னிடம் வருகிற பிள்ளைகளில் பல பேரின் கதை இதுதான். "ஆக்சிடென்ட் எல்லாம் இல்லை டாக்டர், பிரேக் போட்டோம்" என்பார்கள்.

உண்மையாகவே எதிலாவது மோதினால் நடப்பது வேறு. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய பதினொன்றரை அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அதாவது மொட்டை மாடியிலிருந்து. அந்த வேகத்தில் உங்கள் கணவரின் உடம்பும் முன்னால் பாயும். ஹேண்டில்பாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் பையன் இருக்கிறான். அப்பா கைகளால் அணைத்துப் பிடித்திருக்கிறாரே என்ற நம்பிக்கை அந்த ஒரு நொடியில் செல்லாது. அணைத்திருக்கும் அந்த உடம்பே அவனை நசுக்கும்.

இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். கடை வாசலில் என்ஜினை அணைக்காமல் அப்பா ஒரு காலை ஊன்றி இறங்குவார். முன்னால் நிற்கும் பையன் விழாமல் இருக்க எதையாவது பிடிப்பான். அவன் கைக்கு முதலில் அகப்படுவது ஆக்சிலரேட்டர். கியர் இல்லாத வண்டி அடுத்த நொடியே பாய்ந்துவிடும். எந்த வயதிலும், எவ்வளவு பக்கத்தில் போவதானாலும், முன்னால் நிற்க வைக்காதீர்கள். இதற்குச் சரியான வயது என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் பின்னால் எப்போது உட்காரலாம்? சட்டம் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியை அறிவித்தது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் கொண்டுபோனால், குழந்தைக்கு ஹெல்மெட்டும், அதை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. பட்டை என்றால் குழந்தைக்கு மாட்டும் ஒரு கையில்லாச் சட்டை. அதிலிருந்து வரும் இரண்டு வார்களை, பள்ளிப் பையை மாட்டுவதுபோல, ஓட்டுபவர் தன் தோள்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்கும்படி அது இருக்க வேண்டும். நான்கு வயது தாண்டிவிட்டால் பட்டை கட்டாயமில்லை, ஆனால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம்.

உங்கள் மகன் அந்த நான்கு வயதுக் கோட்டை ஆறு மாதத்துக்கு முன்னால் தாண்டிவிட்டான். சட்டப்படி பட்டை வேண்டாம். மருத்துவப்படி வேண்டும். காரணம் எளிது. பின்சீட்டில் தானாக உட்கார்ந்து வருவதற்கு ஒரு பிள்ளைக்கு மூன்று விஷயங்கள் தேவை. இரண்டு பாதமும் கால்மிதியில் முழுதாகப் பதிய வேண்டும், முனைவிரலால் தொட்டால் போதாது. கைகள் ஓட்டுபவரின் இடுப்பைச் சுற்றியோ சட்டையின் இரு பக்கமோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழியில் தூங்கி விழக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கால் எட்டுவதே ஏழு எட்டு வயதில்தான். கால் ஊன்றாத பிள்ளைக்கு வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது பிடிமானம் எதுவும் இல்லை, சீட்டில் இருந்து அப்படியே எழும்பிப் பக்கவாட்டில் சரிவான். தூக்கத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். காலையில் துறுதுறுவென்று போகிற பையன், மாலை நாலு மணிக்குத் திரும்பும்போது ஐந்தாவது நிமிடத்தில் தலை சாய்வான். பின்னால் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. பட்டை அவனை அப்பாவின் முதுகோடு நிறுத்தி வைக்கும். அதன் வேலை அவ்வளவுதான், மோதலில் தலையைக் காப்பது ஹெல்மெட்தான்.

ஒன்பது மாதம் என்று விதி தொடங்குவதால் பத்து மாதக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலை உடம்பின் கால் பங்கு, கழுத்துத் தசை இன்னும் வலுப்பெறவில்லை. ஹெல்மெட்டின் எடையை அந்தக் கழுத்து தாங்காது, ஹெல்மெட் இல்லாமல் போகவும் முடியாது. அந்த வயதில் ஆட்டோவோ பேருந்தோதான்.

ஹெல்மெட் வாங்கும்போது வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். யூனிஃபார்முக்கு அது சரி. நாலரை வயதில் தலைச் சுற்றளவு 50 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், ஒன்பதில் அதைவிட இரண்டு சென்டிமீட்டர் போல் கூடுதல். பெரியவர்களுக்கு 56, 58. தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, பின்தலையில் மேடான இடத்தைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். வாரை மாட்டிவிட்டுத் தலையை ஆட்டச் சொல்லுங்கள். தலையோடு ஹெல்மெட்டும் ஆட வேண்டும். தலைக்குப் பிறகு ஹெல்மெட் ஆடினால் அது பெரிது. பின்பக்கம் கையை வைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அதையும் வாங்காதீர்கள்.

மகன் பின்னால் வந்துவிட்டால் மகள் எங்கே உட்காருவாள் என்று கேட்பீர்கள். உட்கார இடமில்லை. ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், குழந்தை என்பதற்காக அதில் விலக்கு இல்லை. கேரளம் 2023-ல் இந்த விலக்கைக் கேட்டபோதும் மத்திய அரசு தரவில்லை. உங்கள் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். இரண்டு நடை அடித்தாலும் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகாது. முதலில் மகளை விட்டுவிட்டு வந்து மகனைக் கொண்டுபோகட்டும். சின்ன வகுப்புக்குப் பெரும்பாலும் பத்து நிமிடம் தள்ளித்தான் மணி அடிப்பார்கள்.

மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். வண்டியிலிருந்து இறங்குவது எப்போதும் இடது பக்கம். சைலன்சர் வலது பக்கம். பெண் பிள்ளைகளின் வலது கெண்டைக்காலில் முட்டை வடிவத் தீத்தழும்பைப் பார்த்தால் நான் காரணம் கேட்பதே இல்லை. துப்பட்டா, பெல்ட் போன்ற தொங்கும் துணி எதுவாக இருந்தாலும் ஏறும் முன்பே முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டும். சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும்.

இனி அவளுடைய சைக்கிள். ஓட்டப் பழகுவதும் ரோட்டில் ஓட்டுவதும் ஒன்றல்ல. பக்கச் சக்கரம் இல்லாமல் சைக்கிள் ஓட்ட ஐந்து, ஆறு வயதில் வந்துவிடும். நாலரை வயது மகனுக்கே நீங்கள் இப்போது தொடங்கலாம். பக்கச் சக்கரத்தை மாட்டாதீர்கள், பெடலைக் கழற்றிவிட்டு சீட்டை இறக்கி, காலால் தரையை உந்திப் போகவிடுங்கள். பக்கச் சக்கரம் பெடலைத்தான் கற்றுக்கொடுக்கும், சமநிலையைக் கற்றுக்கொடுக்காது. நாமெல்லாம் பெரியவர்களின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள்தான். ஆனால் அந்தக் காலத்துத் தெருவில் எதிரே வந்தது மாட்டு வண்டி.

மகளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது பிரச்சினையில்லை. உங்கள் மெயின் ரோடுதான் பிரச்சினை. ஒன்பது வயதுப் பிள்ளை ரோட்டைக் கடக்கும்போது வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை அதனால் சரியாகக் கணிக்க முடியாது. கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை, கண்ணும் மூளையும் சேர்ந்து முதிர வேண்டிய விஷயம் அது. நேராக நம்மை நோக்கி வரும் பொருள் பெரிதாவதை வைத்துத்தான் வேகத்தை உணர்கிறோம். பிரிட்டனில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வரும் வண்டியை நம்பகமாக உணர முடியவில்லை. நம் மெயின் ரோட்டில் டவுன் பஸ்கூட அதைவிட வேகமாகத்தான் போகும். இன்னொரு சிக்கல், பிள்ளைகள் சைக்கிளில் கடக்க முடிவெடுத்த பிறகும் பெடலை மிதிக்கத் தொடங்க ஒரு நொடி தாமதிப்பார்கள். பெரியவர் அதே இடைவெளியில் கடந்துவிடுவார், பிள்ளை நடுரோட்டில் இருக்கும்.

அதனால் மெயின் ரோட்டைத் தனியாகச் சைக்கிளில் கடப்பதற்கு நான் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை பொறுக்கச் சொல்வேன். அதுவரை அவளை வீட்டிலேயே நிறுத்த வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் மூன்று விஷயம் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்கும் நீங்கள் எத்தனை விரல் காட்டுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், அப்போது சைக்கிள் வலப்பக்கம் இழுக்கக் கூடாது. ஒரு கையை விட்டுச் சைகை காட்டி வளைய வேண்டும். சுண்ணாம்பில் போட்ட கோட்டில், காலைத் தரையில் தேய்க்காமல் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். மூன்றும் வந்துவிட்டால் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஓட்டட்டும். ரோட்டோரம் இறங்கி, ஒரு பெரியவர் உடன் நிற்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கட்டும். மறுபக்கம் ஏறி ஓட்டட்டும். உங்கள் கணவர் அந்த நேரத்துக்கு மகனோடு அங்கே வந்தால் ஒரு நடை மிச்சம்.

சைக்கிளின் அளவும் முக்கியம். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு முன்பாதமும் தரையில் பதிய வேண்டும். ஒன்பது வயதுக்குப் பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரம் சரியாக இருக்கும். ஹேண்டில்பார் முனையில் ரப்பர் கைப்பிடி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சைக்கிளிலிருந்து விழுந்த மறுநாள் வாந்தி என்று கூட்டி வந்தார்கள். கையில் காலில் சிராய்ப்புகூட இல்லை. சட்டையைத் தூக்கினால் தொப்புளுக்கு மேலே எட்டணா அளவில் வட்டமாகக் கன்றியிருந்தது. ரப்பர் போன இரும்புக் குழாயின் வாய் பதிந்த இடம். ஸ்கேனில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ரத்தம் கட்டி அடைத்திருந்தது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டான். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது என்று பிள்ளை சொன்னால், வெளியில் எதுவும் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கல்லீரலும் மண்ணீரலும் அடிபட்டால் வலி மெதுவாகத்தான் ஏறும்.

தம்பியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போவாள் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கேரியரில் உட்காரும் சின்னப் பிள்ளையின் குதிகால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போவது எலும்பு மருத்துவர்களுக்குப் பழகிப்போன காயம். ஆறுவதற்கு மாதக்கணக்காகும். சிக்கிய காலை இழுக்காமல் கம்பியை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாகக் கிணறு. உங்கள் மாமனாரைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது. அவர் வயதைப் பற்றிச் சொல்வது சரி. நான்கு வயதில் பிள்ளை நினைத்த நேரத்தில் மூச்சை அடக்குவான், சொன்னதைக் கேட்டுச் செய்வான். நீச்சல் தொடங்க அது போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் ஒரு வயதுக்கு மேல் பயிற்சியைத் தொடங்கலாம் என்றும், நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தயாராகிவிடுவார்கள் என்றும் சொல்கிறது. ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். மகளுக்கு ஒன்பது வயதாகிறது, அவளுடைய நீச்சலைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே பழகட்டும்.

முறையிலும் அவர்மேல் குறை சொல்ல முடியாது. முதுகில் கட்டும் சுரைக்குடுக்கை பிள்ளையைக் குப்புற, தண்ணீருக்கு இணையாக மிதக்க வைக்கும். நீந்துகிற நிலை அதுதான். கடையில் விற்கிற, காற்றடைத்துக் கையில் மாட்டும் பலூன்கள் நேர்மாறு. அவை பிள்ளையைச் செங்குத்தாகத் தொங்க வைக்கும். மூழ்குகிறவன் தண்ணீரில் நிற்கும் நிலை அது. அதையே உடம்புக்குப் பழக்கிவிட்டு, ஒரு நாள் பலூன் இல்லாமல் குதித்தால் என்ன ஆகும்?

எனக்கு இடம்தான் பிடிக்கவில்லை. கிணற்றில் நிற்க ஆழமில்லாத இடம் கிடையாது. பிடிக்கக் கரை கிடையாது. படி ஒரு பக்கம் மட்டும், அதிலும் பாசி. கோடையில் நீர் இறங்கினால் பாறை மேலே வந்திருக்கும். மோட்டார் வயர் எங்காவது கசிந்தால் இறங்கியவர் யாரும் ஏற முடியாது. முதல் பாடத்துக்கு மகனின் நெஞ்சளவுத் தண்ணீர் வேண்டும். ஈரோட்டிலோ பக்கத்திலோ ஆழமில்லாத பகுதி உள்ள நீச்சல் குளத்துக்குப் போங்கள். பயிற்சியாளரோ தாத்தாவோ கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கரையில் நின்று விசில் அடித்தால் போதாது. முதலில் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடுவது, பிறகு மல்லாந்து மிதப்பது, பிறகு திரும்பிச் சுவரைப் பிடிப்பது. கை வீசுவதெல்லாம் அதற்குப் பின்னால். பல கோடை முகாம்களில் முதல் நாளே காலடிக்கச் சொல்வார்கள், மிதக்கக் கற்றுத் தருவதே இல்லை. கேட்டு வாங்குங்கள். தூக்கிப் போட்டுப் பயம் தெளியவைக்கும் பழைய வழி மட்டும் வேண்டாம்.

இன்னொன்றைத் தாத்தாவும் தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்குகிற பிள்ளை கத்தாது, கை காட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, ஏணி ஏறுவதுபோல் கை அசையும். சத்தமே இருக்காது, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் தண்ணீரில் பிள்ளை இருக்கும் நேரத்தில் ஒரு பெரியவருக்கு அதைப் பார்ப்பது மட்டுமே வேலை, கையில் போன் கிடையாது. வெளியே எடுத்த பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. போகிற நிமிடம் திரும்பாது. மல்லாக்கப் படுக்க வைத்து வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அமுக்கி, 108-ஐ அழைக்க வேண்டும். பிழைத்த பிள்ளை இருமிக்கொண்டே இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு. அக்காவுக்கு ஒன்று தனியாகச் சொல்லுங்கள். தம்பி தண்ணீரில் தத்தளித்தால் அவள் குதிக்கக் கூடாது. கயிறோ, காலிக் குடமோ, துண்டோ வீசிவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

மகன் எப்போது ஊருக்குத் தயார் என்று கேட்டால் ஒரே ஒரு தேர்வுதான். தலைக்கு மேல் ஆழமான இடத்தில் குதித்து, மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, ஒரு சுற்றுத் திரும்பி, 25 மீட்டர் நீந்தி, யார் உதவியும் இல்லாமல் ஏறி வர வேண்டும். நாலரை வயதில் அது நடக்காது, ஆறு ஏழில் நடக்கலாம், மகளுக்கு இந்தக் கோடையிலேயே நடக்கலாம். ஓராண்டு விட்டால் சின்னப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அடுத்த கோடையில் மீண்டும் பார்க்க வேண்டும். அந்தத் தேர்வில் தேறிய பிறகு தாத்தாவின் கிணற்றுக்கு அனுப்புங்கள். மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கித் தாத்தா மடியில் வைத்துக்கொண்ட பிறகு, அவர் முதலில் இறங்கட்டும்.